கன்னியாவுக்கு இரண்டு டிக்கெட்
(குறும்பட வசனப்பிரதி, ஓடும் நேரம் 2 நிமிடங்கள்)

காட்சி 1. வெளி. திருகோணமலை பஸ் நிலையம். அதிகாலை 4.40.

சந்தை கலையும் நேரம். மீன் வியாபாரிகள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பாடசாலை முடிந்து கொட்டாவி விட்டபடி வீடு திரும்புகிறார்கள். கடைக்காரர் ஒருவர் கண்ணாடிக் கதவின்மேல் தடித்த வெள்ளித்தாளை இழுத்து, ஓரங்களில் வெளிச்சம் புகாதபடி விரலால் அழுத்தி ஒட்டுகிறார். புள்ளிமான்கள் வீதியைக் கடந்து கோட்டைப் பக்கம், நிழலைத் தேடி, விரைகின்றன.

(இயக்குநருக்கு: ஆண்டைத் திரையில் எழுத வேண்டாம். பகல் ஏன் மூடப்பட்டது என்பதை எவரும் விளக்கக்கூடாது; இங்கு வாழ்பவர்களுக்கு அது பழகிப்போன வாழ்க்கை.)

அப்பம்மாவும் ஏழு வயதுப் பேரனும் பஸ்ஸின் அருகே வருகிறார்கள். அவர் கையில் தர்ப்பையும் எள்ளும் வைத்த பனையோலைப் பெட்டி.

அப்பம்மா: கன்னியாவுக்கு இரண்டு டிக்கெட், தம்பி.

நடத்துநர்: போகலாம் அம்மா. ஆனால் சங்கு ஊதுவதற்கு முன் திரும்பி வர பஸ் இல்லை. மாலைவரை அங்கேயே இருக்க வேண்டும்.

அப்பம்மா: தெரியும். சூரியன் எழுந்த பிறகுதான் குருக்கள் கிரியையைத் தொடங்குவார்.

நடத்துநர்: பகலில் தங்குபவருக்கு ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் வேண்டும். அட்டையைத் தாருங்கள்.

அண்மைக் காட்சி: ஓரம் நைந்த பங்கீட்டு அட்டை. மூன்று பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் ‘2 லீட்டர்’.

நடத்துநர்: மூன்று பேருக்கு ஆறு லீட்டர். கணக்குச் சரி. மற்றவர் எங்கே?

அப்பம்மா பெட்டியை மார்போடு அணைத்துக்கொள்கிறார்.

அப்பம்மா: இன்றைக்குத்தான் அவருக்கு அந்தியேட்டி. முதற்பெயரை வெட்டிவிடுங்கள், தம்பி. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு வைத்திருப்பது முறையல்ல.

நடத்துநர் பேனாவை எடுக்கிறார். பையனைப் பார்க்கிறார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுகிறார்.

நடத்துநர்: பெயர் வெட்டுவது கந்தோரின் வேலை, அம்மா. கந்தோர் இரவு ஏழு மணிக்குத்தான் திறக்கும்.

குழாயைத் திறந்து முதற்போத்தலை நிரப்புகிறார், பிறகு இரண்டாவதை, பிறகு, சற்றும் தயங்காமல், மூன்றாவதை.

பேரன்: அப்பம்மா, அப்பப்பாவின் தண்ணீரை யார் குடிப்பது?

அப்பம்மா: பாதி நீ, பாதி நான். மூடியை இறுக்கிப் பிடி. ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. ஏறு.

பஸ் புறப்படுகிறது.