புதன்கிழமை ஒட்டிய நோட்டீசுக்குப் பதிலாக

12.03.2025, கஞ்சிக்கோடு

உடன் வேலை பார்க்கும் எல்லோருக்கும்,

இன்று காலை போர்டில் ஒட்டியிருந்த "மறுசீரமைப்பு" நோட்டீசை எடுத்துவிட்டேன். அதைப் படித்த யாருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்திருக்காது. நடப்பது ஆட்குறைப்பு. நம் 86 பேரில் 23 பேருக்கு வெள்ளிக்கிழமை, மார்ச் 14, கடைசி வேலை நாள். மோல்டிங்கில் 11, ஃபெட்லிங்கில் 8, மெஷின் ஷாப்பில் 4.

மாதம் 4,200 பம்ப் ஹவுசிங் எடுத்த கோயம்புத்தூர் வாடிக்கையாளர் இப்போது 1,100தான் எடுக்கிறார். பிப்ரவரி 3 முதல் இரண்டாம் ஃபர்னஸ் சூடேறவே இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி அந்த ஃபர்னஸுக்குக் கடன் வாங்கியது நிர்வாகத்தின் தவறு. கூட்டத்தில் நானும் அதற்குச் சரி என்றேன். உங்கள் வேலையில் குறை இல்லை.

ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்பதுதான் கணக்கு. ஒரே வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்காக வளைத்தால், அவர்களுக்குப் பதில் போகிறவரிடம் என்ன சொல்வேன்? மாற்றவில்லை. 23 பேரிடமும் இன்று மதியம் தனித்தனியாகப் பேசிவிட்டேன். பெயர்ப் பட்டியல் போர்டில் வராது.

பணம்: ஒரு மாத நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், மிச்ச லீவுக்கான காசு, பாக்கி நிற்கும் ஜனவரி ஓவர்டைம். எல்லாம் வெள்ளிக்கிழமையே வங்கியில் ஏறும். ஐந்து வருடம் முடித்தவர்களுக்குக் கிராஜுட்டி 30 நாளுக்குள். நாளுக்கு 620 ரூபாய் வாங்கி ஆறு வருடம் முடித்தவருக்கு மாதச் சம்பளம் 16,120, இழப்பீடு 55,800, கிராஜுட்டி 55,800, ஆக 1,27,720 ரூபாய். லீவும் ஓவர்டைமும் இதற்கு மேல்.

கணக்குத் தாள் மலையாளத்தில் மட்டும் இருக்காது, தமிழிலும் தருவோம். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள். நாளைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பணம் அதற்காகக் காத்திருக்காது. கணக்கில் தப்பு தெரிந்தால் யூனியனிடமோ பாலக்காடு மாவட்ட லேபர் ஆபீசிலோ காட்டலாம். நான் தடுக்க மாட்டேன், தடுக்கவும் கூடாது.

திரும்ப எடுப்போம் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆர்டர் வந்து ஆள் எடுத்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். அதற்காக உங்கள் போன் நம்பரை அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். இருக்கப்போகிற 63 பேருக்கும் சொல்கிறேன்: ஜூன் வரை கையில் ஆர்டர் இருக்கிறது. அதற்குப் பிறகு எப்படி என்று இன்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை வாளையாறு, சாவடி, எட்டிமடை வழியாகப் போகும் பஸ் எல்லோரும் ஏறும் வரை நிற்கும். வேலைச் சான்றிதழ் 23 பேருக்கும் அதற்குள் தயாராக இருக்கும், நானே கையில் தருகிறேன்.

உற்பத்தி மேலாளர்