இரவுப் பொறுப்பு ஒப்படைப்பு: வீமன், கூடு 3

மார்கழி 14, இரவு 8.00 மணி. நைற் டியூட்டிக்கு வாற தங்கச்சிக்கு.

வீமன், ஆண், நாட்டு நாய், 4 வயசு, 20 கிலோ. ஒட்டுசுட்டான் பக்கம் வயலில காட்டுப் பன்றி வெட்டினது. வலது விலாவுக்குக் கீழ கிழிஞ்சு சிறுகுடல் வெளியில வந்திருந்தது. டொக்டர் 8 சென்ரிமீற்றர் குடலை வெட்டி எடுத்து ரெண்டு முனையையும் தைச்சிருக்கிறார். வயிறு கழுவினாச்சு. தோலுக்குக் கீழ ஒரு ரப்பர் வடிகுழாய் இருக்கு. பின்னேரம் 4.20க்கு முடிஞ்சுது. விசர் ஊசி போட்ட அட்டை இல்லை, அதால வாய்ப்பக்கம் கை வைக்கிறதெண்டால் கட்டாயம் கிளவுஸ்.

7.30க்குப் பார்த்தது: சூடு 37.6 (5 மணிக்கு 36.9), நாடி 124, மூச்சு 26, முரசு வெளிர் இளஞ்சிவப்பு, அமத்திவிட்டால் 2 செக்கனுக்குள்ள நிறம் திரும்புது. கூப்பிட்டால் தலை தூக்குது. ஒபரேசனுக்கு முதல் பிசிவி 31, முடிஞ்ச பிறகு 26. இரவு 12க்குத் திரும்ப எடுங்கோ. சேலைன் ஏற ஏறக் கொஞ்சம் இறங்கும், பயமில்லை. 20க்குக் கீழ போனால் டொக்டரை எழுப்புங்கோ.

சேலைன்: ஹாட்மன், மணிக்கு 60 மில்லி. 20 துளிக்கு ஒரு மில்லி செற், ஆகவே நிமிசத்துக்கு 20 துளி, மூண்டு செக்கனுக்கு ஒண்டு. 7 மணிக்குப் புதுப் பை. பையில பிளாஸ்ரர் ஒட்டி மட்டம் கீறியிருக்கு: 10 மணிக்கு 320, 12க்கு 200, 2க்கு 80. கோட்டை விட 30 மில்லிக்கு மேல வித்தியாசம் இருந்தால் துளியைத் திரும்ப எண்ணுங்கோ. ஆனால் பின்தங்கினதைப் பிடிக்கிறதெண்டு வேகத்தைக் கூட்டவேண்டாம்.

இதுதான் இண்டைக்கு முக்கியம். கனுலா (பிங்க், 20) இடது முன்காலில. வீமன் முழங்கையை மடிச்சுப் படுத்தால் துளி நிக்கும், 6.30க்கும் நிண்டது. அப்ப சக்கரத்தைத் திறக்காதேங்கோ, முதல் காலை நீட்டிப் பாருங்கோ. திறந்துவிட்டால் அது காலை நீட்டுற நேரம் முழுக்கக் கடகடவெண்டு இறங்கிடும். காலுக்கு மட்டையும் பஞ்சும் வைச்சுக் கட்டியிருக்கு. நீட்டியும் ஓடாட்டி 5 மில்லி சாதாரண சேலைனால கழுவிப் பாருங்கோ. ஊசி இறுக்கமாப் போனால் அழுத்தாதேங்கோ. கட்டுக்கு மேல தொட்டால் குளிராவும் பொதபொதெண்டும் இருந்தால் வெளியில கசியுது, கழட்டி வலது காலில போடுங்கோ. ரெண்டு மணிக்கொருக்கா நடு ரெண்டு விரல் நகத்தையும் பாருங்கோ. விலகி நிண்டால் பிளாஸ்ரர் இறுக்கம், கீழ வீங்குது.

மூச்சு 40க்கு மேல, நனைஞ்ச இருமல், மூக்கால தண்ணி: சேலைனை நிப்பாட்டிப்போட்டு உடனே கோல் எடுங்கோ.

மருந்து:
1.00 - டிரமடோல் 60 மில்லிகிராம் (1.2 மில்லி), 10 மில்லியாக்கி ஐஞ்சு நிமிசத்தில மெதுவா. கெதியில ஏத்தினால் சத்தி எடுக்கும், வயித்துத் தையலுக்கு அது கூடாது.
3.00 - செஃப்ட்ரியாக்சோன் 500 மில்லிகிராம், 10 மில்லி கிருமியில்லாத தண்ணியில, ஐஞ்சு நிமிசம். பிறகு மெட்ரோனிடசோல் 40 மில்லி, அரை மணித்தியாலம். செஃப்ட்ரியாக்சோனும் ஹாட்மனும் ஒரே குழாயில சந்திக்கக் கூடாது: அதிலுள்ள கல்சியத்தோட வெள்ளையாப் படிஞ்சிடும். சக்கரத்தைப் பூட்டி, முன்னும் பின்னும் 5 மில்லி சாதாரண சேலைனால கழுவுங்கோ. பழைய பையும் அந்த நேரம் முடியிற தறுவாய்தான், மருந்து முடிய 3.45 போலப் புதுப் பையைக் கொழுவுங்கோ. செற்றில காத்து இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்த பிறகு.
மெலோக்சிக்காம் வேண்டாமெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், குடலுக்கும் கிட்னிக்கும் இப்ப அது தாங்காது.

மூத்திரம் இன்னும் போகேல்ல. மணிக்கு 20 மில்லி வரவேணும். கீழ விரிச்ச பாட் காய்ஞ்ச நிறை 35 கிராம், நனைஞ்சால் நிறுத்துக் கழிச்சால் கிராமே மில்லி. 12 மணிக்கும் ஒண்டும் இல்லாட்டி சொல்லுங்கோ.

வடிகுழாயில பன்னீர் நிறத்தில கசியும், சரி. கட்டில நனைஞ்ச விளிம்பைப் பேனையால கீறியிருக்கு. கோடு தாண்டி நல்ல சிவப்பாப் பரவினால், அல்லது முரசு வெளுத்து நாடி 150 தாண்டினால், பிசிவிக்காகக் காத்திருக்கவேண்டாம்.

நிலம் குளிர், அதால பலகையில கிடத்தியிருக்கு. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தித்தான் வையுங்கோ, உணர்வு மந்தமா இருக்கிற நாய் சுடுதெண்டு நகராது. 38 வந்தால் எடுத்திடுங்கோ. கரண்ட் போனால் ரோச் மேசை லாச்சியில.

காலை 6 வரை வாயால ஒண்டுமில்லை. 6க்கு 20 மில்லி தண்ணி, அரை மணி பாருங்கோ. வீமன்ர சொந்தக்கார ஐயா சோறும் மீனும் கட்டிக்கொண்டு வந்து வைச்சிட்டுப் போயிருக்கிறார், பிரிட்ஜில இருக்கு, கொடுக்கவேண்டாம். காலையில போன் எடுப்பார், மூத்திரமும் சூடும் சொன்னால் காணும். வயித்துத் தையல் எப்பிடியெண்டு கேட்டால் டொக்டரிட்டத் திருப்பிவிடுங்கோ.

பிளாஸ்ரிக் கூம்பு கழட்டாதேங்கோ, ஒருக்கா கழட்டினதுக்கே கட்டைக் கடிச்சுப் பிரிச்சுப்போட்டுது.