அவுட்ஸ்டாண்டிங்

கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகம். நானும் அண்ணையும் இன்னும் இரண்டு பொடியன்களும்தான். மருதானையில் தேயிலை பொதி செய்யும் ஒரு சின்னக் கம்பனிக்கு 3,000 லேபிள் அடித்துக் கொடுத்தோம். தங்க நிறம் சரியாக வரவேண்டுமென்று அண்ணை இரண்டு இரவு மெஷினோடேயே கிடந்தார்.

மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அண்ணைக்கு ஆங்கிலம் ஓடாது. நான்தான் அவசரத்தில் தமிழாக்கிச் சொன்னேன்: "உங்கள் நிலுவை வேலைக்கு நன்றி."

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "நிலுவையோ? ஒரு லேபிள் குறையாமல் எண்ணிக் குடுத்தனான்!" அவர் சொல்லச் சொல்ல நானே பதில் தட்டினேன்: "எங்களிடம் நிலுவை எதுவும் இல்லை. காசை அனுப்பிவிட்டுப் பேசுங்கள்." அந்தப் பக்கமும் கோபம். அடுத்த ஓடரை நிறுத்திவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, பில் புத்தகத்தில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாக்கிக்கும் அதே சொல், மிகச் சிறந்ததற்கும் அதே சொல். அவர்கள் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள்!

"பிழை என்னுடையது அண்ணை" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார். ஓட்டோவில் மருதானைக்குப் போனோம். அங்கிருந்த ஐயாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் பிளேன்டீ வந்தது, எங்கள் லேபிள் ஒட்டிய பெட்டியிலிருந்து.