சித்தப்பா, ஒரு குத்துமதிப்புத் தொகை வேண்டும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இவரும் குறுக்கே பேசிக் குழப்பிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம். கரண்ட் விஷயத்தில் ஓனர் இரண்டு வழி சொல்கிறார். வாடகையோடு சேர்த்து மாதம் 2,500 கொடுத்துவிட வேண்டும், பில்லை அவரே கட்டிக்கொள்வார். அல்லது வருகிற பில்லை நாங்களே கட்ட வேண்டும். எது என்று ஞாயிற்றுக்கிழமை அக்ரிமென்டில் எழுதிவிடுவார். எங்கள் வீட்டுக்குச் சுமாராக எவ்வளவு பில் வரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் அத்தனை வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்தவர் ஆயிற்றே!

எத்தனை யூனிட் என்றுதான் முதலில் கேட்பீர்கள். அது தெரியவில்லை. மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன, சாவி ஓனரிடம். முன்பு குடியிருந்தவர்கள் பழைய பில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கனெக்‌ஷன் நம்பர் இருந்தால், இங்கே கரண்ட் கொடுக்கும் பெஸ்காமின் பில்லைப் போனிலேயே பார்த்துவிடலாமாம். அதைக் கேட்டால் ஓனர் "பார்க்கலாம்மா" என்கிறார். யூனிட்டுக்கு என்ன ரேட், எத்தனை நாளைக்கு ஒரு பில் என்பதும் எனக்குத் தெரியாது. இதுவரை பி.ஜி.யில் இருந்தோம், கரண்ட் வாடகைக்குள்ளேயே அடக்கம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அப்பா கட்டியதுதான் நினைவில் இருக்கிறது.

அதனால் வீட்டில் ஓடுவதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். ஏசி கிடையாது, இந்த ஊரில் இன்னும் அது இல்லாமல் ஓட்டலாம். 260 லிட்டர் ஃபிரிட்ஜ், இரண்டு கதவு, என் கல்யாணத்துக்கு வாங்கியது. மூன்று ஃபேன், டியூப்லைட் எல்லாம் எல்.இ.டி. துணிக்கு வாஷிங் மெஷின், மாவுக்கு வாரம் ஒருமுறை கிரைண்டர். இரண்டு லேப்டாப் பகல் முழுக்க ஓடும். இவை பெரிதாக இழுக்காது என்று நினைக்கிறேன்.

பயமெல்லாம் கீஸர் மேல்தான். 15 லிட்டர் டேங்க், ஸ்டிக்கரில் 2,000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் குளித்து முடித்தால் அணைத்துவிடுவோம். அடுத்த மாதம் அத்தை வருகிறார். கை கழுவக்கூட அவருக்கு வெந்நீர் வேண்டும், சுவிட்சை அணைக்கும் வழக்கமும் இல்லை! அப்புறம் இவர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். ஒயிட்ஃபீல்டு போய் வந்ததும் ராத்திரி சார்ஜுக்குப் போட்டுவிடுவார். எங்கள் மீட்டரில்தான் ஓடும். கேஸ் தீர்ந்த நாளில் இண்டக்‌ஷன் அடுப்பும் உண்டு. சம்ப் மோட்டார் நான்கு வீட்டுக்கும் பொது, அதன் செலவைத் தனியாகப் பிரித்து வாங்குவார்களாம், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. இங்கே 2023இல் வந்த கிருக ஜோதி என்று ஒரு திட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் முன்பு சராசரியாக ஓடிய யூனிட்டோடு பத்து சதவீதம் சேர்த்து, அந்த அளவுக்குள் இருந்தால் பில் பூஜ்யம். எப்படியும் 200 யூனிட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முழுப் பணமும் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் பதிந்துகொள்ளலாம். கீழ்வீட்டு அக்காதான் இதையெல்லாம் சொன்னார். அவருக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் வருகிறதாம். எங்கள் வீட்டுக்கும் பூஜ்யம் வந்தால், ஓனர் வாங்கும் 2,500 யார் பாக்கெட்டுக்குப் போகும்? இவரிடம் கேட்டால், "இதற்கெல்லாம் சண்டை போடாதே, வீடு கிடைத்ததே பெரிசு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரியான தொகை வேண்டாம். ஆயிரத்துக்குள் வருமா, இரண்டாயிரத்தைத் தொடுமா, ஓனர் கேட்பது நியாயமா, அவ்வளவு சொன்னால் போதும். அத்தை வருவதற்கு முன் ஒன்று, வந்த பிறகு ஒன்று என்று இரண்டு தொகை சொன்னால் இன்னும் நல்லது. சனிக்கிழமை இரவுக்குள் வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள். வேறு ஏதாவது விவரம் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள், ஓனரிடம் கேட்காமல் தெரிந்துகொள்ளக் கூடியதாக இருந்தால் உடனே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
காயத்ரி