தேர்வு எழுத விடுப்பு வேண்டி

ரோஸ்ஹில், மொரீஷியஸ்
02.06.2025

மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூலை 9 புதன் முதல் 15 செவ்வாய் வரை, ஞாயிறு நீங்கலாக ஆறு நாள் எனக்கு லீவு வேண்டும். என் வருடாந்திர விடுப்பில் கழித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் என் செலவு.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு ஜூலை 12 சனிக்கிழமை நடக்கிறது. தமிழ்நாட்டில்தான் எழுத முடியும். காரைக்குடி மையத்தைக் கேட்டிருக்கிறேன். ஹால் டிக்கெட் வந்ததும் உங்களிடம் காட்டுகிறேன்.

இது வேலைக்கான தேர்வு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும். அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று சொல்லிவிட்டு வா என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் ஒர்க் பர்மிட்டுக்கு அலைந்து கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அப்பா அம்மாவுக்கு வயதாகிறது, ஊர்ப்பக்கம் நிரந்தர வேலை கிடைத்தால் அவர்களோடு இருக்கலாம் என்ற ஆசைதான் காரணம். கடையிலோ சம்பளத்திலோ எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாளைக்கே கிளம்பிவிடுவேன் என்றும் நினைக்க வேண்டாம். 3,935 இடங்களுக்கு லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். போன வருடம் ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு அக்டோபர் 28 அன்றுதான் முடிவு வந்தது. அதற்கப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று இன்னும் மாதங்கள் போகும். தேறினால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து, அடுத்து வருபவருக்குக் கணக்கைப் பழக்கிவிட்டே போவேன்.

இந்த வருடம் ஆடி ஜூலை 17 அன்று பிறக்கிறது. 16 காலையில் கடையில் இருப்பேன். மஞ்சள் புடவை, குங்குமம், கற்பூரம் வரும் கன்டெய்னருக்கான கஸ்டம்ஸ் தாள்களை இந்த மாதமே சரிபார்த்து ஃபைலில் வைத்துவிடுகிறேன். ஜூன் மாத வாட் கணக்கையும் கிளம்பும் முன் முடித்துவிடுவேன். தினசரி கல்லாக் கணக்கைக் கவுண்டர் தம்பி எழுதட்டும்; இரவில் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றன்றே பார்த்துவிடுகிறேன். தேர்வு அங்கே காலை 9.30 முதல் 12.30 வரை. நம் நேரத்துக்கு 8 முதல் 11 வரை. ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் அன்று காலை மட்டும் என்னைப் பிடிக்க முடியாது.

ஆறு நாள் சிரமம் என்றால் 10 முதல் 14 வரையாவது கொடுங்கள். பயணக் களைப்போடு எழுத வேண்டிவரும், பரவாயில்லை. டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த வாரத்துக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். தேர்வு விஷயம் நமக்குள் இருக்கட்டும் ஐயா. மற்றவர்களிடம் ஊருக்குப் போகிறான் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முத்துராமன்
கணக்குப் பிரிவு