மேல்மாடியில் ஆறு அறைகள்

எல்லாருக்கும் வணக்கம். பந்தி தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஐந்து நிமிஷம் கொடுங்கள்.

எழும்பூரில் நாங்கள் நடத்தும் இல்லத்தில் பன்னிரண்டு அறைகள். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அங்கே தங்குகிறார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். முதல் சில மாதங்கள்தான் ரொம்பக் கடுமை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது ஜுரம் கண்டால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ராத்திரி கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் இங்கே வந்து சேர விடிந்துவிடும். சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசு ஆஸ்பத்திரியும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பார்த்துக்கொள்கின்றன. வாடகையும், வெளிச் சாப்பாடும், அப்பா விட்டுவிட்டு வந்த கூலியும் குடும்பத்தின் தலையில்தான். வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் போகிறார்கள்.

போன வாரம் எங்கள் சமையலறையில் ஓர் அம்மா ரசம் வைத்துக்கொண்டிருந்தார். கீமோ கொடுத்த மூன்று நாளாகப் பையன் எதையும் வாயில் வைக்கவில்லை. 'எங்க வீட்டு ரசம்னா குடிப்பான்' என்று மிளகை அவரே தட்டிப் போட்டார். அரை டம்ளர் குடித்தான். அவர் காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

நோயைக் குணமாக்குவது டாக்டர்களும் நர்ஸுகளும். எங்கள் இல்லத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை. நாங்கள் தருவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. அவ்வளவுதான். அது இருந்தால் அடுத்த ஊசிக்குக் குறித்த தேதியில் பிள்ளை வந்து நிற்கும்.

மேல்மாடியில் ஆறு அறைகள் காலியாகப் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் தரத் தயார். ஓர் அறைக்கு வாடகை, சாப்பாடு, கரண்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 450 ரூபாய். மாதம் 13,500. ஆறு அறைக்கும் ஒரு வருஷத்துக்கு 9,72,000 ரூபாய். இன்று உங்களிடம் கேட்பது இந்தத் தொகையைத்தான்.

இன்றைய மண்டபமும் விருந்தும் ஒரு நண்பர் தந்தது. நன்கொடையிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்குப் போகவில்லை. ஆகவே மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நன்றாகச் சாப்பிடுங்கள்.

மேஜையில் இருக்கும் அட்டையில் உங்களுக்குச் சரிப்பட்ட தொகையை எழுதுங்கள். ஒரு நாளும் சரி, ஒரு மாதமும் சரி. வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றாலும் சந்தோஷம்தான். 80ஜி ரசீது உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக் கழிவு கிடைக்காது என்பதால் காசோலையோ யுபிஐயோ நல்லது. வந்து பார்க்கவும் செய்யலாம், ஜலதோஷம் இல்லாத நாளில் மட்டும்.

இலை போட்டாச்சு. வாங்க, சாப்பிடலாம்.