மூன்றாம் ஆண்டு முன்னேற்ற ஆய்வுக் கூட்டத்திற்கு நாள் குறித்தல்

திருச்சிராப்பள்ளி
15 டிசம்பர் 2025

பெறுநர்: முனைவர் பட்ட ஆய்வுக்குழுவின் வெளியுறுப்பினர், வரலாற்றுத் துறை உறுப்பினர், நீர்வளப் பொறியியல் துறை உறுப்பினர்

பொருள்: ஆய்வாளர் மலர்விழியின் மூன்றாம் ஆண்டு முன்னேற்ற ஆய்வுக் கூட்டம் – நாள் உறுதி செய்து தர வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஆய்வுக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்களில் உள்ள குமிழித் தூம்புகளையும் அவற்றின் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து வரும் ஆய்வாளர் மலர்விழி, 18 ஜனவரி 2023 அன்று பதிவு செய்தவர். வரும் ஜனவரி 18ஆம் நாளுடன் அவருக்கு மூன்றாண்டுகள் நிறைவடைகின்றன. அவருடைய மூன்றாம் ஆண்டு முன்னேற்ற ஆய்வுக் கூட்டத்தை, தாங்கள் அனைவரும் நேரில் அமரக்கூடிய ஒரு நாளில் நடத்த விரும்புகிறேன். 28 ஜனவரி 2026 புதன், பிப்ரவரி 3 செவ்வாய், பிப்ரவரி 5 வியாழன் ஆகிய மூன்று நாள்களில் தங்களுக்கு இயலும் நாள்கள் எவை என்பதை டிசம்பர் 29 திங்கட்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். மூன்றில் ஒன்று மட்டுமே இயலும் என்றாலும் அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கூட்டம் 14 ஆகஸ்ட் 2025 அன்றுதான் நடந்தது என்பதால், ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் மீண்டும் ஒரு கூட்டமா என்று தங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கூட்டம் உண்மையில் ஜனவரியில் நடந்திருக்க வேண்டியது. ஒவ்வோர் உறுப்பினரிடமும் தனித்தனியே தொலைபேசியில் நாள் கேட்டு, ஒருவர் தந்த நாள் மற்றவருக்கு ஒத்துவராமல், இடையில் விடைத்தாள் திருத்தும் பணியும் தேர்வுகளும் வந்து சேர, ஏழு மாதம் தள்ளிப்போனது. எல்லோருக்கும் ஒரே கடிதத்தில், ஒரே நேரத்தில் எழுதியிருந்தால் அது நேர்ந்திராது. அப்படிச் செய்யாதது நெறியாளரான என் பிழை. அதற்குரிய விலையை மாணவி கொடுத்தார் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குமிழித் தூம்பு கண்மாயின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பது. நீரோடித் துளையும் சேறோடித் துளையும் அமைந்த அடிப்பகுதியையும், கற்கால்களின் கீழ்ப்பகுதியில் உள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டுமானால் கண்மாய் வற்றியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிறையும் கண்மாய்கள் பங்குனி, சித்திரையில்தான் நடந்து செல்லும் அளவுக்கு வற்றுகின்றன. களப்பணித் திட்டத்திற்குக் குழுவின் ஒப்புதல் ஆகஸ்ட் நடுவில் கிடைத்து, செலவுத் தொகை செப்டம்பரில் கைக்கு வந்தபின், அக்டோபர் மழைக்கு முன்னதாக அவரால் பார்க்க முடிந்தவை திட்டமிட்ட 34 கண்மாய்களில் 11 மட்டுமே. அவற்றிலும் இரண்டில் கோடை மழை நீர் தேங்கி நின்றதால் முழங்கால் அளவுச் சேற்றில் நின்றபடியே மைப்படி எடுத்தார். எஞ்சிய 23 கண்மாய்களும் வரும் கோடைக்குக் காத்திருக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டும் மிகுந்தது ஆறாண்டும் வகுத்திருப்பதை அறிவீர்கள். மறுபதிவு, மகளிர்க்கான கூடுதல் ஈராண்டு ஆகிய சலுகைகள் இருந்தாலும், அவற்றை முதலிலேயே கணக்கில் வைத்துத் திட்டமிடுவது முறையல்ல என்பது என் எண்ணம். ஆறாண்டு என்று கொண்டால் ஜனவரி 2029க்குள் ஆய்வேடு முடிய வேண்டும். அதற்குள் 2026, 2027, 2028 என மூன்று கோடைகளே இருக்கின்றன. இறுதி ஆண்டை எழுதுவதற்கென ஒதுக்கினால் களத்திற்கு இரண்டுதான். வரும் கோடையை முழுமையாகப் பயன்படுத்தினால் ஆய்வு நல்ல நிலைக்கு வந்துவிடும். இன்னொரு கோடை கைநழுவினால் ஆய்வின் எல்லையையே சுருக்க நேரிடும்.

கூட்டம் பிப்ரவரி 10ஐத் தாண்டக் கூடாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. எஞ்சிய 23இல் இரு வகையும் கலந்திருப்பதால் அனுமதிக் கடிதங்களுக்கு இரு வழிகளில் செல்ல வேண்டும். அந்த விண்ணப்பங்களுடன் நம் குழுவின் கையொப்பமிட்ட நடவடிக்கைக் குறிப்பை இணைக்க விரும்புகிறோம். பிப்ரவரி நடுவில் விண்ணப்பித்தால்தான் ஏப்ரலில் களத்தில் இறங்க முடியும். ஜனவரியில் இன்னும் முன்னதாக நாள் குறிக்காததற்குப் பொங்கல் விடுமுறையும் 26ஆம் நாள் குடியரசு நாளும் காரணம். விழா வாரத்தில் தங்களை ஊரிலிருந்து இழுக்க மனம் வரவில்லை.

வெளியுறுப்பினர் ஐயா அவர்களுக்குச் சில சொற்கள் தனியே எழுத வேண்டும். சென்ற கூட்டத்தில் தாங்கள் காணொலி வழியே கலந்துகொண்டபோது ஒலி மூன்று முறை அறுந்தது. தங்கள் கருத்துகளில் பாதியைத்தான் எங்களால் குறித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் நேரில் வருமாறு இம்முறை வேண்டுவதற்கு முதன்மைக் காரணம் அதுவன்று. மலர்விழியின் மூன்றாம் இயல் ஆண்டுக் குறிப்பில்லாத குமிழிக் கல்வெட்டுகளை எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது. இதுவரை எடுத்த 16 மைப்படிகளில் 9க்கு மன்னர் பெயரோ ஆட்சியாண்டோ இல்லை. ‘இன்னார் செய்வித்த குமிழி’ என்ற அளவில் நின்றுவிடுபவை. அவற்றுள் நான்கின் காலத்தில் மாணவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது: அவர் எட்டாம் நூற்றாண்டு என்கிறார், நான் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்கிறேன். ஆண்டில் பாதி நீருக்குள் நிற்கும் கல்லில் கோடுகள் தேய்ந்து, எழுத்தின் உண்மையான வளைவு எது, தேய்மானம் எது என்று பிரித்தறிவது கடினம். மைப்படியை மேசையில் விரித்து, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, தங்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு ஈடாக எந்தப் படமும் திரையில் அமையாது. அவர் சொல்வதே சரி என்று தாங்கள் கண்டால் அதை ஏற்க நான் முழு மனத்துடன் இருக்கிறேன். நெறியாளர் என்பதற்காக என் கருத்து ஆய்வேட்டில் நிலைத்துவிடக் கூடாது.

ஆகவே முதலில் தங்கள் நாளை வைத்தே மற்றவற்றை முடிவு செய்ய விரும்புகிறேன். உள்ளூர் உறுப்பினர்கள் இருவரும் இதே வளாகத்தில் இருப்பதால் எங்களுக்கு வகுப்புகளை மாற்றிக்கொள்வது எளிது. எழும்பூரிலிருந்து மலைக்கோட்டை விரைவு வண்டியில் முதல் நாள் இரவு புறப்பட்டால் விடியலில் திருச்சி வந்துவிடலாம். மறுநாள் இரவு அதே வண்டியில் திரும்பலாம். நிலையத்திலிருந்து அழைத்துவரவும், பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் காலை முதல் இரவு வரை அறை ஒதுக்கவும் ஏற்பாடு செய்கிறேன். நாள் உறுதியானவுடன் பயணச்சீட்டைத் தாங்களே முன்பதிவு செய்து, வந்து செல்லும் இரு சீட்டுகளின் படிகளையும் தந்தால் போதும். பயணப்படிக்குரிய படிவத்தைத் துறை அலுவலகமே நிரப்பித் தங்கள் கையொப்பத்திற்கு வைக்கும். இரவுப் பயணம் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கருதினால் தயவுசெய்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்நிலையில் 9 மைப்படிகளையும் மாணவி சென்னைக்கே கொண்டுவந்து, கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்பாகத் தங்களிடம் காட்டுவார். கூட்டத்தைக் காணொலியில் நடத்திக்கொள்ளலாம்.

வரலாற்றுத் துறை உறுப்பினர் அம்மா அவர்கள் கடந்த கூட்டத்தில், முத்தரையர் காலக் கல்வெட்டுகளோடு ஒப்பிடும் பகுதி மிகச் சுருக்கமாக இருக்கிறது என்று கூறியதை மாணவி மனத்தில் கொண்டு அப்பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறார். நீர்வளப் பொறியியல் துறை உறுப்பினர் ஐயா அவர்கள் கேட்ட தூம்புத் துளை அளவுகள் 11 கண்மாய்களுக்கும் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து நீர் வெளியேற்றத்தைக் கணிக்கும் முறை பற்றி மாணவி தங்களிடம் முன்கூட்டியே அரை மணி நேரம் கேட்டறிய விரும்புகிறார். பொங்கலுக்குப் பின் தங்களுக்கு ஒழியும் ஒரு மாலையைச் சொன்னால் வந்து பார்ப்பார்.

கூட்டம் காலை 10.30 மணிக்குத் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் தொடங்கும். மாணவி 40 நிமிடம் பேசுவார். பின்னர் மைப்படிகளைப் பார்ப்பதற்கும் கேள்விகளுக்கும் நேர வரையறை இல்லை. உணவுக்குப் பின் மாணவி இல்லாமல் குழு மட்டும் கூடி, முன்னேற்றம் நிறைவாக உள்ளதா, குறை இருப்பின் என்ன, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்பவற்றை நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, அன்றே அனைவரும் கையொப்பமிட வேண்டுகிறேன். கையொப்பத்திற்காகத் தாளைப் பின்னர் அஞ்சலில் அனுப்பிக் காத்திருந்ததில் சென்ற முறை மேலும் மூன்று வாரம் போயிற்று. குறைகளை ஒளிவின்றி எழுதுங்கள் என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். ‘நிறைவு’ என்ற ஒற்றைச் சொல் மாணவிக்கு எவ்வகையிலும் உதவாது.

முன்னேற்ற அறிக்கை, திருத்திய இரண்டாம் இயல், மூன்றாம் இயலின் வரைவு, 16 மைப்படிகளின் படங்கள், வரும் கோடைக்கான களப்பணி அட்டவணை ஆகியவை ஜனவரி 9 வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் தங்களை வந்தடையும். திரையில் நெடுநேரம் படிப்பது சிரமம் என்பவர்களுக்கு அச்சுப் படியை அதே நாளில் அனுப்புகிறேன். யாருக்கு வேண்டும் என்பதை நாளோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.

தங்கள் அனைவரின் பதிலும் வந்ததும், டிசம்பர் 31 புதன்கிழமை உறுதி செய்த நாளையும் இடத்தையும் ஒரே கடிதத்தில் தெரிவிப்பேன். மூன்று நாள்களில் ஒன்றுகூட அனைவருக்கும் பொருந்தாவிட்டால், வெளியுறுப்பினருக்கு இயலும் நாளைக் கொண்டு பிப்ரவரி 10க்குள் வேறொரு நாளை அன்றே முன்வைப்பேன். உறுதியான பிறகு தவிர்க்க முடியாத மாற்றம் ஏதேனும் வந்தால், எந்த நேரமாயினும் என்னை அழையுங்கள். மாணவியிடம் சொல்லிவிட வேண்டாம், நாள் மாற்றும் சுமை அவர்மேல் விழக் கூடாது.

நன்றியுடன்,
செந்தாமரை
ஆய்வு நெறியாளர் மற்றும் குழு ஒருங்கிணைப்பாளர்
தமிழ்த்துறை

படி: ஆய்வாளர் மலர்விழி, துறைத் தலைவர், ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகம்